கிளாண்டை இறுக்கியதும் ஆடத் தொடங்கிய லூப்: ஒட்டும் வால்வைக் கண்டுபிடிப்பது எப்படி

வேலூரிலிருந்து சித்தூருக்குப் பஸ் ஏறினால், எல்லை தாண்டியதும் கடைப் போர்டுகள் தெலுங்குக்கு மாறிவிடும். பேச்சு அப்படிச் சட்டென்று மாறாது. தோத்தாபுரி சீசனில் மாம்பழ டிராக்டர்கள் கூழ் எடுக்கும் பல்ப் ஃபேக்டரி வாசல்களில் வரிசை கட்டி நிற்கும், வரிசையில் பாதிப் பேர் தமிழில்தான் விலையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு ஃபேக்டரியில் ஒரு லூப் ஆடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்த ஒரே லூப்பை வைத்து இதை எழுதுகிறேன். இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுவதால், தெரிந்தவர்களுக்கு சில இடங்கள் மெதுவாகத் தோன்றலாம்.

லூப் ரொம்பச் சாதாரணமானது. ஸ்டெரிலைசரில் சூடான பல்பைப் பைகளில் அடைப்பதற்கு முன் குழாய்க் கூலர் ஒன்றில் குளிர்விக்கிறார்கள். அந்தக் கூலருக்குப் போகும் தண்ணீரின் ஓட்டத்தைத்தான் இந்த லூப் பார்த்துக்கொள்கிறது. அளப்பது ஒரு மேக்னெட்டிக் ஃப்ளோமீட்டர், மணிக்கு 0 முதல் 30 கன மீட்டர் வரை. கட்டுப்படுத்துவது ஒரு குளோப் வால்வு: அதைக் காற்றழுத்தத்தால் நகர்த்துவது டயஃப்ரம் ஆக்சுவேட்டர், சிக்னல் சொன்ன இடத்தில் வால்வு நிற்கிறதா என்று பார்த்து அந்தக் காற்றைக் கூட்டிக் குறைப்பது பொசிஷனர். செட்பாயிண்ட் 18 கன மீட்டர். அதற்கு மேலே பல்ப் வெப்பநிலைக் கன்ட்ரோலர் உட்கார்ந்து, ஓட்டக் கன்ட்ரோலருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சொல்லும், அதாவது கேஸ்கேட்.

நான் போனபோது ஷிஃப்ட் ஆபரேட்டர் சொன்னது இதுதான்: "அண்ணா, முதல்ல ஃப்ளோ மட்டும்தான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா ஏறி இறங்குச்சு. கெயினைக் குறைச்சோம். இப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா ஆடுது, டெம்பரேச்சரும் சேந்து ஆடுது."

இந்த வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. ட்யூனிங் தப்பாக இருந்து ஆடும் லூப்பில் கெயினைக் குறைத்தால் ஆட்டம் அடங்கும். இங்கே அடங்கவில்லை, வெறுமனே மெதுவானது. அப்படியென்றால் கன்ட்ரோலரை விட்டுவிட்டு வால்வைப் பார்க்க வேண்டும்.

ஒட்டுவது வேறு, தளர்வு வேறு

மழைக்காலத்தில் ஊறிப்போன மர மேசை டிராயரை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் வராது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாலும் வராது. கடைசியில் படக்கென்று வந்து, வேண்டியதைவிட அதிகமாக வெளியே துள்ளும். நிற்கும்போது இருக்கும் உராய்வு, நகரும்போது இருக்கும் உராய்வைவிட அதிகம் என்பதால் வரும் வினை இது. வால்வைத் திறந்து மூடும் தண்டு, அதாவது ஸ்டெம், இப்படி ஒட்டி நின்று துள்ளுவதைத்தான் ஸ்டிக்ஷன் என்கிறோம்.

ஹிஸ்டெரிசிஸ் என்று சொல்லும்போது, நடைமுறையில் நாம் பெரும்பாலும் பார்ப்பது தளர்வு. ஊர்ப்பொது அடிபம்பில் கைப்பிடி ஆணி தேய்ந்திருந்தால், கைப்பிடி கொஞ்ச தூரம் சும்மா இறங்கும், அப்புறம்தான் ராடு பிடிக்கும். மேலே தூக்கும்போதும் அதே கதை. ஒரே திசையில் போகும்வரை தொந்தரவு தெரியாது, திசை மாறும்போதுதான் அந்த வெற்றுத் தூரம் தெரியும். வால்விலும் அப்படித்தான். ஏறும்போது 45 சதவீதத்தில் வந்த ஓட்டம், இறங்கும்போது 43-இல்தான் வரும். ஒரே சிக்னலுக்கு இரண்டு ஓட்டம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதைப் பொறுத்து.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஓட்ட லூப்பில் துள்ளல் இல்லாத வெறும் தளர்வு மட்டும் இருந்தால், சாதாரண ட்யூனிங்கில் அது பொதுவாகத் தொடர் ஆட்டத்தைக் கிளப்பாது. திசை மாறும்போது லூப் கொஞ்சம் சோம்பலாக இருக்கும், அவ்வளவுதான். தொட்டி மட்டம் போன்ற லூப்பில் தளர்வு மட்டுமே ஆட்டத்துக்குப் போதும், அது வேறு கதை. ஓட்ட லூப்பில் நிற்காமல் ஆட வைப்பது துள்ளல். தளர்வும் கூடச் சேர்ந்தால் அந்த ஆட்டத்தை இழுத்து மெதுவாக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதைக் கீழே கணக்கில் பார்ப்போம்.

முதலில் டிரெண்ட்

கையில் ஸ்பேனர் எடுக்கும் முன் திரையில் PV, SP, OP மூன்றையும் ஒரே டிரெண்டில் போடுங்கள். PV அளந்த ஓட்டம், SP செட்பாயிண்ட், OP கன்ட்ரோலர் வால்வுக்கு அனுப்பும் சிக்னல். 15 நிமிடம் போதும். நொடிக்கு ஒரு புள்ளியாவது வேண்டும். நிமிட சராசரி போட்ட ரிப்போர்ட்டில் வடிவம் எல்லாம் மழுங்கிப்போய் அலை மாதிரித் தெரியும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பழைய டேட்டாவைச் சுருக்கிச் சேமிக்கும் சிஸ்டங்களிலும் இதே ஆபத்து உண்டு. PV-யின் அச்சைப் பெரிதாக்குங்கள். 0 முதல் 30 வரை முழு அளவில் பார்த்தால் 0.6 கன மீட்டர் துள்ளல் ஒரு மயிரிழை நடுக்கமாகத்தான் இருக்கும்.

ட்யூனிங் கோளாறால் ஆடும் லூப்பில் PV, OP இரண்டும் வழவழப்பான அலையாக ஏறி இறங்கும். ஒட்டும் வால்வில் ஓட்டம் சதுரமாகத் தெரியும்: கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நிற்கும், படக்கென்று இறங்கும், அங்கே நிற்கும், படக்கென்று ஏறும். OP அதே நேரத்தில் முக்கோணமாக, நேர்க்கோட்டில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். OP நகர்ந்துகொண்டே இருக்கிறது, PV அசையாமல் இருக்கிறது. இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

சித்தூர் லூப்பில் முதலில் இந்தச் சதுரம் தெரியவில்லை, மூலைகள் எல்லாம் உருண்டையாக இருந்தன. ஃப்ளோமீட்டர் மெனுவுக்குள் போய்ப் பார்த்தால், அளவீட்டை மழுக்கிக் காட்டும் டாம்பிங் 15 நொடி. யாரோ "ஆட்டத்தைக் குறைக்க" ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஆட்டம் குறையவில்லை, கண்ணுக்கு மட்டும் மெத்தென்று ஆகிவிட்டது. அதை 1 நொடிக்கு இறக்கினோம். ஆபரேட்டர்கள் மாற்றியிருந்த கெயினையும் பழைய மதிப்புக்கே கொண்டுவந்தோம்: கெயின் Kc 0.4, இன்டெக்ரல் நேரம் Ti 10 நொடி. பத்து நிமிடத்தில் டிரெண்ட் பாடப்புத்தகப் படம் மாதிரி ஆகிவிட்டது. ஓட்டம் 17.7-க்கும் 18.3-க்கும் இடையில் சதுரம், OP 42.2-க்கும் 45.7-க்கும் இடையில் முக்கோணம், ஒரு சுற்றுக்கு இரண்டேகால் நிமிடம்.

சதுரத்தின் இரண்டு பாதிகளும் எப்போதும் சமமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வால்வு நிற்கும் இரண்டு இடங்களில் ஒன்று செட்பாயிண்டுக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டால் அங்கே எர்ரர் சிறிது, OP நகர்வதும் மெதுவு, அதனால் அந்தப் பாதி நீண்டுவிடும். சுற்று நேரமும் கடிகாரம் மாதிரி இருக்காது. உராய்வு ஸ்டெமின் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

மேனுவலில் போட்டால் நிற்கிறதா

அடுத்த படி: லூப்பை மேனுவலுக்கு மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகு. கேஸ்கேட் இருந்தால் முதலில் அதை விடுவித்து ஓட்டக் கன்ட்ரோலரைத் தன் சொந்த செட்பாயிண்டில் ஆட்டோவில் விடுங்கள், அப்புறம் மேனுவல். நேராக மேனுவலுக்குத் தாவினால், மேலே இருக்கும் கன்ட்ரோலர் தன் அவுட்புட்டை எங்கேயோ கொண்டுபோய்விடும் சிஸ்டங்கள் உண்டு, திரும்பக் கேஸ்கேட்டில் சேர்க்கும்போது அடி விழும். இன்டர்லாக் ஏதாவது இந்த ஓட்டத்தைப் பார்க்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த ஓட்டத்தில் பல்ப் லைனையே நிறுத்தும் டிரிப் ஒன்று அங்கே இருந்தது. அதனால் சோதனை முழுவதும் 17-க்குக் கீழே போகக் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

மேனுவலில் ஆட்டம் தொடர்ந்தால் வால்வைக் குற்றம் சொல்லாதீர்கள். பம்பு, ஹெடர் அழுத்தம், பக்கத்தில் இருக்கும் இன்னொரு லூப், இவற்றில் ஒன்றுதான் ஆட்டுகிறது. பொசிஷனரே தனக்குள் ஆடினாலும் மேனுவலில் ஆட்டம் தெரியும், அப்போது ஸ்டெம் நிற்காமல் சின்னதாக மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். இங்கே மேனுவலில் போட்டதும் ஓட்டம் கோடு போட்டது போல நின்றது. ஆக, கோளாறு இந்த லூப்புக்குள்.

அரை அரை சதவீதமாக

இனி வருவதுதான் முக்கியமான சோதனை. மேனுவலில் OP-யை 0.5 சதவீதம் கூட்டுங்கள், 30 நொடி காத்திருங்கள், ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி 0.5. சில படிகள் ஒரே திசையில் போய்விட்டு, அதே போல அரை அரையாகத் திரும்புங்கள். காத்திருப்பதில் அவசரப்படாதீர்கள். ஸ்மார்ட் பொசிஷனருக்குள் இன்டெக்ரல் இருந்தால், சிக்னல் மாறாமலே பத்து இருபது நொடி கழித்து அது வால்வைத் தள்ளிவிடும். நீங்கள் அதற்குள் அடுத்த படி கொடுத்திருந்தால் எந்தப் படிக்கு எது நகர்ந்தது என்று குழம்பிவிடும்.

சித்தூரில் நாங்கள் எழுதியது இது. இதற்கு முன்பே சில படிகள் ஏற்றிக்கொண்டு வந்தோம், 45.0-க்கு வந்தபோதுதான் ஓட்டம் 18.0-க்குத் துள்ளியிருந்தது.

```
OP %     PV
45.0    18.0
45.5    18.0
46.0    18.0
46.5    18.6
47.0    18.6
47.5    18.6
48.0    19.2
47.5    19.2
...
45.0    19.2
44.5    18.6
44.0    18.6
43.5    18.6
43.0    18.0
```

நிதானமாகப் படியுங்கள். ஒரே திசையில் போகும்போது ஒவ்வொரு மூன்று படிக்கும் ஒரு துள்ளல், அதாவது 1.5 சதவீதம். இது ஒட்டும் அளவு. 48-இல் திரும்பியபோது 44.5 வரை வர வேண்டியிருந்தது, அதாவது 3.5 சதவீதம். இதில் 1.5 ஒட்டல், மீதி 2.0 தளர்வு. சரிபார்க்க இன்னொரு வழியும் அதே தாளில் இருக்கிறது: ஏறும்போது 45.0-இல் 18.0 வந்தது, இறங்கும்போது 43.0-இல் 18.0 வந்தது. வித்தியாசம் 2. கணக்கு இடிக்கவில்லை.

பலர் இந்தச் சோதனையை 5 சதவீதப் படியில் செய்துவிட்டு "வால்வு நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். 5 சதவீதம் கொடுத்தால் இந்த வால்வும் ஒழுங்காகத்தான் நகரும். 0, 25, 50, 75, 100 என்று ஸ்ட்ரோக் பார்க்கும் வழக்கமான காலிபரேஷனில் இது சுத்தமாகத் தெரியாது. பழைய காலிபரேஷன் தாளில் எல்லாம் பாஸ் என்று இருந்ததும் அதனால்தான்.

ஏன் இரண்டேகால் நிமிடம்

இதைக் கணக்காகப் பார்த்துவிட்டால் ட்யூனிங் ஏன் உதவாது என்பது மனதில் நின்றுவிடும். ஒரு துள்ளலில் ஓட்டம் 0.6 மாறுகிறது. 30-க்கு அது 2 சதவீதம். துள்ளிய பிறகு ஓட்டம் செட்பாயிண்டிலிருந்து 0.3 தள்ளி, அதாவது 1 சதவீத எர்ரரில் நிற்கிறது. துள்ளிய உடனே கன்ட்ரோலரின் ப்ரபோர்ஷனல் பகுதி OP-யை 0.4 × 2 = 0.8 சதவீதம் பின்னுக்குத் தள்ளும். வால்வு திரும்ப நகர வேண்டுமானால் மொத்தம் 3.5 வேண்டும். மீதி 2.7-ஐ இன்டெக்ரல்தான் ஊர்ந்து கடக்க வேண்டும். அதன் வேகம் 0.4 × 1 ÷ 10, நொடிக்கு 0.04 சதவீதம். 2.7-ஐ அதால் வகுத்தால் சுமார் 67 நொடி. இரண்டு பாதிக்கும் 135 நொடி. டிரெண்டில் பார்த்த இரண்டேகால் நிமிடம் அதுதான்.

```
T/2 = Ti × (S − Kc × dPV) / (Kc × e)
```

இங்கே `S` என்பது திரும்புவதற்கு வேண்டிய 3.5, `dPV` என்பது 2, `e` என்பது 1, எல்லாம் சதவீதத்தில். ட்ரான்ஸ்மிட்டர் தாமதம், வால்வு நகரும் நேரம் எல்லாம் இதில் இல்லை. அதனால் தோராயம்தான், ஆனால் நல்ல தோராயம்.

இப்போது கெயினைப் பாதியாக்குங்கள், Kc 0.2. ப்ரபோர்ஷனல் தள்ளுவது 0.4 மட்டும், மீதி 3.1, வேகம் 0.02. அரைச் சுற்று 155 நொடி, முழுச் சுற்று ஐந்து நிமிடத்துக்கு மேல். ஆபரேட்டர் சொன்ன அதே ஐந்து நிமிடம். Kc-ஐ 1.0 ஆக்கினால் சுற்று அரை நிமிடத்துக்கு வந்துவிடும். ஆனால் எதிலும் துள்ளல் 0.6-தான். ட்யூனிங் மாற்றினால் ஆட்டத்தின் நேரம் மாறும், உயரம் மாறாது. உயரத்தை முடிவு செய்வது வால்வு.

தளர்வு மட்டும் இல்லாமல் ஒட்டல் மட்டும் இருந்தால் `S` 1.5 ஆகும், மீதி 0.7, அரைச் சுற்று 18 நொடிகூட இல்லை. ஆக, ஆட்டம் இருப்பதற்குக் காரணம் ஒட்டல், அது இவ்வளவு மெதுவாக இருப்பதற்குக் காரணம் தளர்வு.

மெதுவாக்கியதில்தான் ஆபரேட்டர்கள் தெரியாமல் ஒரு வம்பை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நிமிட ஆட்டத்தில் 0.3 கன மீட்டர் கூடக் குறையப் போனதைப் பல்ப் வெப்பநிலை கண்டுகொள்ளவே இல்லை. கூலரும் உள்ளே இருக்கும் பல்பும் அதைத் தின்றுவிட்டன. ஐந்து நிமிடம் என்பது வெப்பநிலைக் கன்ட்ரோலரின் சொந்த வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டு ஓட்டத்தின் செட்பாயிண்டையும் ஆட்ட ஆரம்பித்தது. பிறகு இரண்டும் ஒன்றையொன்று ஊஞ்சல் தள்ளுவது போலத் தள்ளின. மேலே ஒரு லூப் இருக்கும்போது கீழே இருப்பதை மெதுவாக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வால்வில் எந்த இடம்

இனி கன்ட்ரோல் ரூமில் வேலை இல்லை. ஒருவர் திரை முன்னால், ஒருவர் வால்வுக்குப் பக்கத்தில், கையில் வாக்கி டாக்கி. மறுபடி அதே அரை சதவீதப் படிகள். வால்வுக்குப் பக்கத்தில் நிற்பவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: பொசிஷனருக்கு வரும் சிக்னல், ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றழுத்த கேஜ், ஸ்டெம். ஸ்டெமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேலை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், கண் மட்டம் போதாது. நகரும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். நான் பார்த்திருக்கிறேன், நல்லா இருக்காது.

சிக்னல் சரியாக வருகிறதா என்பதை மல்டிமீட்டரைத் தொடரில் போட்டுப் பார்க்கலாம். 45 சதவீதத்துக்கு 11.2 மில்லிஆம்ப், ஒவ்வொரு அரை சதவீதத்துக்கும் 0.08 கூட வேண்டும். அது ஒழுங்காக வருகிறது என்றால் மூன்று காட்சிகளில் ஒன்றைப் பார்ப்பீர்கள்.

சிக்னல் மாறுகிறது, கேஜ் அசையவே இல்லை என்றால் கோளாறு பொசிஷனரில், அல்லது அதற்கு வரும் காற்றில். ஃபில்டரில் தண்ணீர், எண்ணெய், அடைபட்ட நாசில், இப்படி ஏதாவது. வால்வை அவிழ்க்க வேண்டாம்.

கேஜ் மாறுகிறது, ஸ்டெம் அசையவில்லை, பிறகு ஸ்டெம் துள்ளியதும் கேஜ் சட்டென்று திரும்புகிறது என்றால், காற்று தள்ளியும் ஸ்டெம் வர மறுக்கிறது. உராய்வு. ஸ்டெமைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கை முதலில் சந்தேகப்படுங்கள். காற்று போனால் திறந்துகொள்ளும் வகை வால்வாக இருந்தால் திறக்கும்போது அழுத்தம் இறங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குளிர்விக்கும் தண்ணீர் வால்வுகள் பலவும் அப்படித்தான் வைக்கப்படும். இதுவும் அப்படித்தான், கூட இருந்த பையன் கேஜ் தலைகீழாகப் போகிறது என்று பதறிவிட்டான்.

ஸ்டெம் ஒழுங்காக நகர்கிறது, ஓட்டம் மாறவில்லை என்றால் ஸ்டெமுக்கும் உள்ளே இருக்கும் பிளக்குக்கும் இடையில் தளர்வு. உடலைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சித்தூரில் இரண்டாவது காட்சி அப்பட்டமாகத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும்: பொசிஷனரின் ஃபீட்பேக் லீவரைக் கையால் லேசாக ஆட்டினால் பின்னில் ஆட்டம் இருந்தது. லீவரை இழுத்துப் பிடிக்கும் குட்டி ஸ்பிரிங் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. தளர்வின் பெரும்பகுதி அங்கேதான். பொசிஷனர் தான் பார்க்கும் லீவரை நம்புகிறது. லீவர் பின்னில் இடைவெளி இருந்தால் ஸ்டெம் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது.

கிளாண்ட்

உராய்வுக்கான காரணத்தை ஃபிட்டர் தானே சொன்னார். சீசன் தொடங்கியதும் கிளாண்டில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. பேக்கிங் மாற்ற அப்போது ஸ்டோரில் டெஃப்லான் செட் இல்லை, கிராஃபைட் செட் இருந்தது, அதைப் போட்டுவிட்டார். அப்புறமும் சொட்டு நிற்கவில்லை. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி இறுக்கினார், நின்றது. லூப் ஆடத் தொடங்கியது மறுநாள் ஷிஃப்டில். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, சொட்டு நிற்க வேண்டும் என்றுதான் அவரிடம் கேட்டார்கள்.

கிராஃபைட் பேக்கிங் அதிக வெப்பத்துக்காக இருப்பது, ஸ்டீம் வால்வுக்கு அது வேண்டும். உராய்வும் அதில் டெஃப்லானைவிட நன்றாகவே அதிகம். சாதாரணத் தண்ணீருக்கு டெஃப்லான் வி-ரிங் செட் போதும்.

லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளாண்டைத் தளர்த்திப் பார்க்கலாமே என்று தோன்றும். குளிர்ந்த தண்ணீர், குறைந்த அழுத்தம், பொறுப்பாளர் அனுமதி, இவை மூன்றும் இருந்தால் கால் சுற்று தளர்த்திப் பார்ப்பதில் தவறில்லை. உடனே ஒட்டல் குறைந்தால் நோய் உறுதி. ஸ்டீம், சூடான காஸ்டிக் மாதிரியான லைனில் இதைச் செய்யவே கூடாது. இங்கே கால் சுற்று தளர்த்தியதும் துள்ளல் குறைந்தது, சொட்டும் திரும்ப வந்தது. மறுபடி இறுக்கிவிட்டு, பேக்கிங்கை மாற்றியே தீர வேண்டும் என்று முடிவானது.

பேட்ச் முடிய இன்னும் ஆறு மணி நேரம். அதுவரை கேஸ்கேட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் கொஞ்சம் தாராளமாகப் போகும்படி வைத்து மேனுவலில் ஓட்டச் சொன்னேன். பல்ப் ஒரு டிகிரி அதிகம் குளிர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சில கன்ட்ரோலர்களில், எர்ரர் ஒரு வரம்புக்குள் இருக்கும்போது இன்டெக்ரலை நிறுத்திவைக்கும் வசதி இருக்கும். இங்கே 1 சதவீதத்துக்குச் சற்று மேலே வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். விலை என்னவென்றால் ஓட்டம் செட்பாயிண்டில் உட்காராது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிடும். பழுது பார்க்கும்வரை ஒப்பேற்றலாம். அதையே நிரந்தரமாக விட்டுவிட்டுப் போன இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி லைன் நின்றதும் வால்வைத் தனிமைப்படுத்தி, தண்ணீரை வடித்து, காற்றை மூடி, பழைய பேக்கிங்கை எடுத்தோம். ஸ்டெமில் போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. கீறல் விழுந்தால் புது பேக்கிங்கை அதுவே அறுத்துவிடும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, ஊறியதும் துடைத்தோம். நல்ல வேளையாக ஸ்டெமில் கோடு இல்லை. இருந்திருந்தால் ஸ்டெமையே மாற்ற வேண்டும், பேக்கிங் மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி சொட்டும்.

புது வி-ரிங்குகளைத் திசை பார்த்துப் போடுங்கள், தலைகீழாகப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். இரண்டு நட்டையும் முதலில் கையால், பிறகு ஸ்பேனரால் மாறி மாறிக் கால் சுற்று. ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் ஃபாலோயர் சாய்ந்து ஸ்டெமைக் கடிக்கும். கொஞ்சம் இறுக்கியதும் வால்வை முழு ஸ்ட்ரோக்கில் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்குங்கள், பேக்கிங் தன் இடத்தில் உட்காரட்டும். தண்ணீர் விட்டுச் சொட்டு பாருங்கள். சொட்டினால் இன்னொரு கால் சுற்று. சொட்டு நின்ற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு சுற்று வைப்பதில்தான் இந்தக் கதையே தொடங்கியது. லீவர் ஸ்பிரிங்கை மாட்டி, தேய்ந்த பின்னை மாற்றி, பொசிஷனரில் ஆட்டோ காலிபரேஷன் ஓட்டினோம்.

பழுது பார்த்த பிறகு

அதே சோதனையை மறுபடி செய்யாமல் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள். பொசிஷனர் உள்ள நல்ல வால்வு ஒவ்வொரு அரை சதவீதத்துக்கும் நகர வேண்டும், திரும்பும்போதும் 1 சதவீதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் 0.2 கூடியது. திரும்பியபோது முதல் படியில் அசையவில்லை, இரண்டாவது படியில் இறங்கியது. ஆட்டோவில் போட்டதும் ஓட்டம் செட்பாயிண்டில் நின்றது. கேஸ்கேட்டில் சேர்த்து ஒரு மணி நேரம் பார்த்தோம், வெப்பநிலைக் கோடு நேராகப் போனது. Kc, Ti இரண்டையும் தொடவில்லை, பழைய 0.4, 10 அப்படியே இருக்கின்றன. டாம்பிங்கை மட்டும் 2 நொடியில் விட்டேன், மேக்னெட்டிக் மீட்டரின் சின்ன இரைச்சலுக்கு அது போதும்.

விடியற்காலை ஸ்டோரில் பார்த்தால், அந்த கிராஃபைட் செட் ஸ்டெரிலைசர் ஸ்டீம் வால்வுக்காக வாங்கிவைத்த ஒரே ஸ்பேர். அதற்கு ஒரு இன்டென்ட்டும், டெஃப்லான் இரண்டு செட்டுக்கு இன்னொரு இன்டென்ட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, வேலூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.